குறுக்கே பேசினால் பேச்சு யாருடையது?

மூன்று பேர் உட்கார்ந்து பேசிய ஒரு மணி நேர பாட்காஸ்டைச் சுருக்க வேண்டும். எழுத்துப்படி கையில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பேசியவர் யார் என்றும் போட்டிருக்கிறது. ஆனால் அந்த அடையாளத்தைப் போட்டது பெரும்பாலும் ஒரு கணினி நிரல். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் சுருக்கினால், ஒருவர் சொன்னது இன்னொருவர் தலையில் விழும்.

நிரல் முதலில் ஒலிப்பதிவில் பேச்சு இருக்கும் இடங்களை மட்டும் பிரித்தெடுக்கும். பிறகு அதைச் சுமார் ஒன்றரை நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் குரல் சாயலையும் சில நூறு எண்களாக மாற்றும். எண்கள் நெருங்கி வரும் துண்டுகளை ஒரே ஆளுடையவை என்று சேர்த்துவிடும். அவருடைய பெயர் அதற்குத் தெரியாது. ‘பேசுநர் 1’, ‘பேசுநர் 2’ என்று எண் போடுவதோடு சரி. சிக்கல் என்னவென்றால், பழைய முறையில் ஒரு துண்டுக்கு ஓர் ஆள்தான். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் குரல் ஓங்கியவருக்கே அது போகும். இரண்டு பேரையும் ஒருசேரக் குறிக்கும் முறைகள் 2019-க்குப் பிறகு வளர்ந்தன. அவையும் நெருக்கடியான இடங்களில் தடுமாறுகின்றன.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. விளக்க நானே கட்டிய ஓர் உரையாடல் இது. தென் மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதைப் பற்றித் தாம்பரம்வாசிகள் மூவர் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

12:04 முதலாமவர்: கிளாம்பாக்கம் வந்ததுல தாம்பரத்துல வியாபாரம் படுத்துப்போச்சு…
12:07 இரண்டாமவர்: இல்லைங்க, நெரிசல் குறைஞ்சுதே!
12:07 முதலாமவர்: …ன்னு கடைக்காரங்க சொல்றாங்க.
12:09 மூன்றாமவர்: ம்ம், ஆமாமா.
12:10 முதலாமவர்: எனக்கு அப்படித் தோணல.

12:07-இல் இருவர் பேச்சும் மோதுகிறது. இரண்டாமவர் உரக்கப் பேசுபவர் என்றால், ‘ன்னு கடைக்காரங்க சொல்றாங்க’ என்ற வால் அவருடைய வரியில் ஒட்டிக்கொள்ளும். அதைப் படித்துச் சுருக்குபவர் இப்படி எழுதுவார்: வியாபாரம் படுத்துவிட்டது என்கிறார் முதலாமவர், நெரிசல் குறைந்ததாகக் கடைக்காரர்கள் சொல்வதாக இரண்டாமவர் கூறுகிறார், மூன்றாமவர் ஒப்புக்கொள்கிறார். மூன்றுமே தவறு. படிக்க மட்டும் சரளமாக இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

நம் பேச்சில் வினைமுற்று, ‘இல்லை’ என்ற மறுப்பு, ‘அவங்க சொல்றாங்க’ என்ற கைகாட்டல் எல்லாமே பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. குறுக்கே பேசுபவர் விழுவதும் அங்கேதான். ‘நான் அப்படிச் சொல்லல’ என்பதில் கடைசி எழுத்து மறைந்தால் என்ன மிஞ்சும் என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பிழை அளவுகோலிலும் அகப்படாது. இத்தகைய நிரல்களை மதிப்பிடும்போது, எத்தனை நொடிப் பேச்சு தவறான ஆளுக்குப் போனது, எத்தனை நொடி விடுபட்டது, பேச்சே இல்லாத இடத்தில் எத்தனை நொடி பேச்சென்று எண்ணப்பட்டது என்று கூட்டி, மொத்தப் பேச்சு நேரத்தால் வகுப்பார்கள். ஆள் மாறும் எல்லையின் இருபுறமும் கால் நொடியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் நீண்டநாள் வழக்கம். ‘ன்னு’ சொல்லக் கால் நொடியே போதும்! ஐந்து சதவீதப் பிழை என்று கேட்டால் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த ஐந்தும் வரிசையாகப் பேசிய இடங்களில் இருக்காது. சண்டை நடந்த இடங்களில்தான் குவிந்திருக்கும்.

ஆகவே சுருக்குபவர் எழுத்துப்படியில் சில தடயங்களைத் தேட வேண்டும். ‘ன்னு’ என்று ஒரு கூற்று தொடங்க முடியாது. அது தொடக்கத்தில் நின்றாலோ, ஒட்டாத வாலாகத் தொங்கினாலோ முந்தைய ஆளின் வாக்கியம் பாதியில் அறுந்திருக்கிறது. ஒருவர் ஆறு நொடிக்குள் தன்னையே மறுத்தால், முன்னது அவருடைய கருத்தல்ல, மேற்கோளாக இருக்கலாம். மேலே உள்ள படியில் ‘எனக்கு அப்படித் தோணல’ என்பதுதான் நம்மைக் காப்பாற்றும் வரி. ‘ம்ம்’, ‘ஆமாமா’ போன்றவை பெரும்பாலும் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கான ஒலிகள். அவற்றைச் சம்மதமாக எண்ணக் கூடாது.

தடயம் கிடைத்த இடத்தில் மட்டும் ஒலியைத் திரும்பக் கேட்டால் போதும், முழு மணி நேரமும் வேண்டாம். பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில், அது அவருடையதா, பிறர் சொன்னதாக எடுத்துச் சொன்னதா, பாதியில் நின்றதா என்று குறித்துக்கொண்டு எழுதலாம். அப்படி எழுதினால் சுருக்கம் இவ்வளவுதான்: வியாபாரம் குறைந்ததாகக் கடைக்காரர்கள் சொல்வதை முதலாமவர் குறிப்பிட்டார், ஆனால் தான் அப்படி நினைக்கவில்லை என்றார், நெரிசல் குறைந்தது என்று இரண்டாமவர் இடைமறித்தார். மூன்றாமவருக்கு இதில் வரி இல்லை. கேட்டும் தெளியவில்லையென்றால் ‘பங்கேற்றவர்களில் ஒருவர்’ என்று எழுதுவது ஊகித்துப் பெயர் போடுவதைவிட மேல்.

பதிவு செய்பவர் ஆளுக்கொரு மைக் வைத்துத் தனித்தனிக் கோப்பாகச் சேமித்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். முழுக்க நீங்காது. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் குரல் என் மைக்கிலும் மெல்லக் கசியும், நான் வாயைத் திறக்காத இடத்தில் நிரல் எனக்கும் ஒரு வரி எழுதிவைக்கும். அதே சொற்கள் அதே நொடியில் இரண்டு பேர் பெயரில் வந்திருந்தால், ஒலி எந்தக் கோப்பில் உரத்திருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம்.