பூச்சு மேஸ்திரிக்கு ஒரு பிடித்தக் கடிதம்

“பூச்சு சரியில்லாததால் உங்கள் மூன்றாவது பில்லில் 26,040 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டுள்ளது.” கட்டட வேலைகளில் பெரும்பாலான பிடித்தக் கடிதங்கள் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். மேஸ்திரி கோபப்படுவார், ஆட்களை நிறுத்துவார், மறு வாரம் தூக்குக்குண்டைக்கூட எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்தத் தொகை நியாயமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை.

ஓர் அடுக்குமாடி வேலையை எடுத்துக்கொள்வோம். சிமெண்ட், மணல் எல்லாம் கம்பெனியுடையது. உட்பூச்சுக்குக் கூலி மட்டும் சதுர அடிக்கு 30 ரூபாய் என்று பேச்சு. பூச்சு காய்ந்தபின் எஞ்சினியர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். நன்றாகப் பிடித்த இடத்தில் கெட்டிச் சத்தம் கேட்கும், பிடிக்காத இடத்தில் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் கூட்டினால் 480 சதுர அடி வருகிறது.

இந்த 480-ஐ அப்படியே கடிதத்தில் ஏற்றக்கூடாது. மேஸ்திரியையும் வரவழைத்து, கொத்துவதற்கு முன்பே இருவருமாக அளக்க வேண்டும். கொத்திவிட்டால் சாட்சியும் குப்பையோடு போய்விடும். அப்படி அளந்தபோது 60 சதுர அடி, பூச்சு முடிந்தபிறகு எலக்ட்ரீஷியன் காடி வெட்டியதில் ஆட்டம் கண்ட இடம் என்று தெரிந்தது. அது மேஸ்திரி கணக்கில் வராது. மீதி 420.

அந்த 420-க்கும் காரணம் அவர்தானா? பெயர்த்தெடுத்த பூச்சின் முதுகைப் பார்த்தால் ஓரளவு தெரியும். பலகைபோல் வழவழப்பாக வந்தால், கான்கிரீட் தூணையும் பீமையும் கொத்தி விடாமல் அப்படியே பூசியிருக்கிறார்கள். கையில் தேய்த்தாலே உதிர்ந்தால், கலவையில் சிமெண்ட் குறைந்திருக்கும் அல்லது தண்ணீர் விட்டு ஆற்றியது போதாமல் இருக்கும். கொத்திவிடுவது மேஸ்திரி வேலை என்று ஒர்க் ஆர்டரில் இருக்கிறது. தண்ணீர் விடுவது கம்பெனி ஆளின் பொறுப்பு. ஆகவே காரணத்தை எழுதாத பிடித்தம் நிற்காது. இங்கே பெயர்ந்ததெல்லாம் தூணிலும் பீமிலும், வழவழப்பான முதுகோடு.

அளவுப் புத்தகத்தில் பதிவு இப்படி இருக்கும்: மூன்றாம் மாடி, எஃப்-3, பெரிய படுக்கையறை, கிழக்குச் சுவர்த் தூண், 2 அடி × 9 அடி, 18 சதுர அடி, போட்டோ எண் 7. கடிதம் சுட்ட வேண்டியது இந்த வரியையும் அதன் பக்க எண்ணையும்தான். பில்லில் கூலி தரும்போது எந்த முறையில் அளந்தார்களோ, பிடிக்கும்போதும் அதே முறையில் அளந்திருக்க வேண்டும்.

முதலில் அவருக்கே சரிசெய்ய அவகாசம் தந்தார்கள். குறித்த தேதிக்குள் ஆள் வரவில்லை. வேறு ஆட்களை வைத்துக் கொத்தி அள்ள அடிக்கு 10 ரூபாய், மறுபூச்சுக் கூலி 34, புதுச் சிமெண்டும் மணலும் 18. மொத்தம் 62, 420 அடிக்கு 26,040 ரூபாய். முன்கூட்டிய அவகாசம் வெறும் மரியாதைக்காக அல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, மீறலால் உண்டான நஷ்டத்தையே ஈடாகக் கேட்க இடம் தருகிறது. அந்த நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.

கடிதங்கள் அதிகம் தவறுவது இதற்கு அடுத்த படியில். பல அலுவலகங்களில் அந்த 420 அடியைப் பில்லிலிருந்து நீக்கிவிட்டு, 26,040-ஐயும் பிடித்துவிடுகிறார்கள். நீக்கியதில் ஏற்கெனவே 12,600 ரூபாய் போய்விட்டது. பூச்சு நன்றாக இருந்திருந்தாலும் கம்பெனி அந்தக் கூலியைக் கொடுத்துத்தான் இருக்கும். இப்போது சுவரும் பூசி முடிந்தது, கூலியும் மிச்சம் என்றால் அது நஷ்ட ஈடு அல்ல, லாபம். 420 அடியைப் பில்லில் விட்டுவைத்தால் 26,040 பிடிக்கலாம். நீக்கிவிட்டால் 13,440 மட்டுமே. எந்த வழி என்பதைக் கடிதம் ஒரு வரியில் சொல்லிவிட்டால் பாதி சண்டை எழாது:

“மேற்படி 420 சதுர அடி உங்கள் பில்லில் சேர்க்கப்பட்டு, கூலி 12,600 ரூபாய் வழங்கப்பட்டுள்ளது. மறுவேலைக்கு ஆன 26,040 ரூபாய் தனியே கழிக்கப்பட்டுள்ளது. எலக்ட்ரிக்கல் காடி 60 சதுர அடி உங்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அளவுப் புத்தகப் பக்கங்கள், போட்டோக்கள், மறுபூச்சு ஆட்களின் பில் நகல் இணைப்பில்.”

மேஸ்திரி பக்கமும் ஒரு பிடி உண்டு. கூட்டு அளவில் கையெழுத்துப் போடச் சொன்னால் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். அது தவறு, பிறகு கம்பெனி தனியாக அளந்ததே நிற்கும். “அளவு மட்டும் சரி, காரணத்தில் ஆட்சேபம்” என்று எழுதிக் கையெழுத்திடலாம், அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளலாம்.