தவணை தவறாமலே நிபந்தனை தவறும் கதை

மாதத் தவணையைத் தேதி பிசகாமல் கட்டிவரும் நிறுவனத்துக்கும் வங்கியிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரலாம். தவணைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட தாள்களில் வட்டி, அடமானம், தவணைத் தேதி ஆகியவற்றுக்குப் பின்னால் இன்னொரு பகுதி இருக்கும். நிறுவனத்தின் நிதி விகிதங்களில் எது எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது, எது எந்த அளவைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகள் அதில்தான் இருக்கின்றன. மீறப் போகிறோமா என்பதை ஆறு மாதம் முன்னாலேயே ஒரு கால்குலேட்டரை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புது எந்திரங்களுக்காகத் தவணைக் கடன் வாங்கியிருக்கிறது. வங்கி போட்ட முக்கியமான நிபந்தனை, டிஎஸ்சிஆர் எனப்படும் விகிதம் 1.25-க்குக் குறையக் கூடாது என்பது. வரி போக மிஞ்சும் லாபம், தேய்மானம், தவணைக் கடன் வட்டி மூன்றையும் கூட்டி, அந்த ஆண்டு கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் இந்த விகிதம் வரும். கட்ட வேண்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 125 ரூபாய் சம்பாதித்திருக்க வேண்டும் என்று பொருள்.

மார்ச்சில் முடிந்த ஆண்டில் லாபம் 52 லட்சம், தேய்மானம் 48, வட்டி 38. கூட்டினால் 138 லட்சம். கட்ட வேண்டியது அசல் 60, வட்டி 38, ஆக 98 லட்சம். விகிதம் 1.41. ஆடிட்டரும் திருப்தி, முதலாளியும் திருப்தி.

இங்கே நிறுத்திவிடுவதுதான் தவறு. கடைசிக் கணக்கு போன ஆண்டைச் சொல்கிறது. தவணை அட்டவணையோ வரும் ஆண்டைச் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பல வங்கிகள் முதல் ஆண்டுகளில் தவணையைக் குறைத்தும் பின்னால் கூட்டியும் போடுவதுண்டு. நம் நிறுவனத்துக்கு வரும் ஆண்டு அசல் 84 லட்சம், வட்டி 32. மொத்தம் 116. எந்திரம் பழசாவதால் தேய்மானம் 44 ஆகக் குறைகிறது. லாபம் அதே 52 என்றால் கூட்டுத்தொகை 128 லட்சம், விகிதம் 1.10. வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, நிபந்தனை மட்டும் உடைகிறது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் விடை இன்னும் தெளிவாகும். 116-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 145. அதில் தேய்மானமும் வட்டியும் 76 போக, லாபமாக 69 லட்சம் வந்தாக வேண்டும். செப்டம்பர் கணக்கில் ஆறு மாத லாபம் 26 லட்சம் என்றால், மீதி ஆறு மாதத்தில் 43 லட்சம் வருமா? கையில் இருக்கும் ஆர்டர்களைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். இந்த இக்கட்டின் வேர் பெரும்பாலும் முதலாளி தாமே கொடுத்த திட்ட அறிக்கையில்தான் இருக்கும். கடன் கிடைக்க வேண்டுமே என்று அதில் ஆண்டுக்கு ஆண்டு லாபத்தை ஏற்றிக் காட்டியிருப்பார். வங்கியும் அதை நம்பித்தான் தவணையை ஏற்றியிருக்கும்.

அடுத்த சிக்கல் விளக்கப் பிரிவில் ஒளிந்திருக்கும். வெளிக் கடன்கள் சொந்த மூலதனத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு நிபந்தனை. சொந்த மூலதனம் 210 லட்சம், வெளிக் கடன் 630. இதில் சேராமல் குடும்பத்தார் போட்ட 70 லட்சம் தனியாக நிற்கிறது. அதை மூலதனமாகக் கொண்டால் விகிதம் 2.25, கடனாகக் கொண்டால் 3.33. எப்படிக் கொள்வது என்பதை ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். வங்கிக் கடன் தீரும்வரை இந்தப் பணத்தை எடுக்க மாட்டோம் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்திருந்தால்தான் பொதுவாக மூலதனமாக ஏற்பார்கள். ஆடிட்டர் அறிக்கையில் அச்சான விகிதத்தை அப்படியே நம்பக் கூடாது. ஒப்பந்தத்தில் உள்ள விளக்கத்தின்படி மறுபடி கணக்கிட வேண்டும். மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்திலிருந்து எடுத்திருந்தால், அதுவே தனி மீறலாகவும் ஆகலாம்.

மீறினால் வங்கி உடனே முழுக் கடனையும் திருப்பிக் கேட்பது அபூர்வம், ஒப்பந்தம் அந்த உரிமையைத் தந்திருந்தாலும். அபராதக் கட்டணம் வரும். புதுக் கடன் கேட்டால் தள்ளிப்போகும். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட விதிப்படி அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, தனிக் கட்டணமாகவே வாங்க வேண்டும், அதற்கு மேல் வட்டி போடவும் கூடாது. பழைய ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் கணக்கு அறிக்கையில் இதைச் சரிபார்ப்பது நல்லது.

செப்டம்பரிலேயே தெரிந்துவிட்டால் வழி இருக்கிறது. மார்ச் 31-க்குள் குடும்பத்தாரின் கடிதத்தைக் கொடுத்து இரண்டாவது நிபந்தனையைச் சரிசெய்யலாம். முதலாவதற்கு, இந்த ஓராண்டுக்கு மட்டும் 1.10-ஐ ஏற்கும்படி ஆர்டர் விவரங்களோடு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். மேலாளர் வாயால் சொன்ன சரி, அவர் மாற்றலாகிப் போனதும் செல்லாது. தவணையையே நீட்டிக் கேட்பதில் மட்டும் யோசனை தேவை. நிதி நெருக்கடிக்காகச் செய்யும் நீட்டிப்பைக் கடன் மறுசீரமைப்பு என்று வங்கி வகைப்படுத்தினால் கணக்கின் தரம் இறங்கக்கூடும். எனவே விண்ணப்பம் எழுதுவதற்கு முன், இது எந்த வகையில் பதிவாகும் என்பதை வங்கியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.