ஒரே குறை, மூன்று குறியீடுகள்: பழைய வீட்டு ஒயரிங்கின் சோதனை அறிக்கை

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுபவர், அதன் ஒயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று தகுதியுள்ள ஒருவரை வைத்துச் சோதித்து எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். 2020-இல் வந்த விதிகளின்படி தனியார் வாடகை வீடுகளுக்கு இந்தச் சோதனை குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குக் கட்டாயம் கிடையாது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது என்பது பரிந்துரை. இந்த அறிக்கை முன்பு ‘பீரியாடிக் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்’ என்று அழைக்கப்பட்டது. பி.எஸ். 7671 என்ற பிரிட்டிஷ் ஒயரிங் தரவிதிக்கு 2011-இல் திருத்தம் வந்தபோது ‘எலெக்ட்ரிக்கல் இன்ஸ்டலேஷன் கண்டிஷன் ரிப்போர்ட்’ என்று பெயர் மாறியது.

பெயரோடு குறியீடுகளும் மாறின. பழைய அறிக்கையில் 1 முதல் 4 வரை எண்கள் இருந்தன. அதில் 4 என்றால் ‘இன்றைய விதிக்கு ஒத்துவரவில்லை’ என்று மட்டுமே பொருள். ஆபத்து ஏதும் இல்லாத பழைய ஒயரிங்கும் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வரும், வீட்டுக்காரர் பயந்துபோவார். இப்போதைய அறிக்கையில் அந்த எண் இல்லை. மக்கள் ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு வீட்டில் இந்த ஒயரிங்கை இப்படியே தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதுதான் அறிக்கை விடை சொல்லும் கேள்வி. வைத்துப் பார்க்கும் அளவுகோல் இன்றைய விதி. குறியீடு கிடைப்பதோ ஆபத்தின் அளவைப் பொறுத்து.

சி1 என்றால் ஆபத்து இப்போதே இருக்கிறது, தொட்டால் அடிக்கும். சி2 என்றால் இன்னொரு கோளாறு சேர்ந்தால் ஆபத்தாகும் நிலை. சி3 என்றால் மேம்படுத்தினால் நல்லது. எஃப்ஐ என்பது நான்காவது: ஆபத்து இருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் எழுகிறது, ஆனால் சோதனை நேரத்துக்குள் உறுதிசெய்ய முடியவில்லை, தாமதிக்காமல் மேலும் தேடிப் பார்க்க வேண்டும். சி1, சி2, எஃப்ஐ மூன்றில் ஒன்று இருந்தாலும் அறிக்கையின் முடிவு ‘திருப்தியற்றது’. எத்தனை சி3 இருந்தாலும், அவை மட்டுமே இருந்தால் முடிவு ‘திருப்தி’தான்.

குறையின் பெயரை மட்டும் வைத்துக் குறியீடு போட முடியாது என்பதற்கு விளக்குச் சுற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பிரிட்டனில் விளக்குச் சுற்றுகளுக்கும் எர்த் கம்பி வேண்டும் என்ற விதி 1966-இல்தான் வந்தது. அதற்கு முன் ஒயரிங் செய்த வீடுகளில் விளக்குக்கு இரண்டு கம்பிதான் போகும். விளக்கும் சுவிட்சும் முழுக்கப் பிளாஸ்டிக் என்றால், எர்த் இல்லாதது சி3 அளவுக்குத்தான் ஆகிறது. அதே சுற்றில் யாரோ ஆசைப்பட்டுப் பித்தளைச் சுவிட்ச் தகடு போட்டிருந்தால் கதை வேறு. எர்த் இருந்தால், லைவ் கம்பி கழன்று தகட்டில் பட்ட கணமே பெரிய மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. விளக்கு வழக்கம்போல் எரியும், தகடு 230 வோல்ட்டோடு சத்தமில்லாமல் சுவரில் காத்திருக்கும். எனவே அது சி2. கம்பி ஏற்கெனவே தகட்டில் பட்டு, மீட்டர் அங்கே மின்னழுத்தம் காட்டினால் சி1. மூன்றிலும் எர்த் கம்பி இல்லை என்பதுதான் குறை. குறியீட்டை மாற்றுவது அதைச் சுற்றியிருக்கும் நிலைமை.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். 1930-களில் கட்டிய, வரிசையாய் ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று. 1960-களின் தொடக்கத்தில் மறு ஒயரிங் நடந்திருக்கிறது; பிறகு சமையலறையைப் பின்பக்கம் நீட்டியிருக்கிறார்கள். இப்போது வாடகைக்கு இருக்கிறது.

ஆய்வாளர் மீட்டரை எடுக்கும் முன்பே ஒரு வேலை இருக்கிறது. எதைப் பார்ப்பார், எதைப் பார்க்க மாட்டார் என்று சோதனைக்குச் சொன்னவரோடு பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தரைப்பலகையைப் பெயர்ப்பதில்லை, சுவரை உடைப்பதில்லை. சுவிட்சுகளிலும் சாக்கெட்டுகளிலும் ஒரு பகுதியை மட்டும் கழற்றிப் பார்ப்பதும் உண்டு. அதில் குறை தென்பட்டால் கழற்றும் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அறிக்கையில் ‘வரம்புகள்’ என்ற கட்டத்தைப் பலர் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். பார்க்கப்படாத இடம் எது என்பது அங்கேதான் இருக்கிறது.

இந்த வீட்டில் முதலில் கண்ணில் பட்டது மாடிப்படி அருகே உடைந்த சாக்கெட். மூடியின் ஒரு மூலை இல்லை, உள்ளே பித்தளை முனை தெரிகிறது. குழந்தையின் விரல் எட்டும் உயரம். இது சி1. இதைப் பட்டியலில் எழுதிவிட்டுப் போக முடியாது. அனுமதி வாங்கி அந்தச் சுற்றை அப்போதே துண்டிக்க வேண்டும், அல்லது மூடியை மாற்ற வேண்டும். ஆபத்தை வீட்டுக்குப் பொறுப்பானவருக்கு உடனே எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். பிறகு சரிசெய்துவிட்டாலும், கண்டது கண்டபடி அறிக்கையில் இருக்கும்.

அடுத்து ஃபியூஸ் போர்டு. கம்பி மாற்றிக் கட்டும் பழைய வகை ஃபியூஸ்கள். பார்த்தவுடன் ‘இதெல்லாம் இன்னுமா?’ என்று தோன்றும். ஆனால் சரியான தடிமன் கம்பியோடு, உடையாமல் இருந்தால் அந்த வகை ஃபியூஸுக்கு எந்தக் குறியீடும் தேவையில்லை. கம்பிகள் சிவப்பும் கறுப்புமாக இருப்பதற்கும் அப்படியே. பழுப்பும் நீலமும் 2004-இல்தான் வந்தன. இங்கே குறை வேறு இடத்தில் இருந்தது. விளக்குச் சுற்றின் 5 ஆம்பியர் ஃபியூஸில் யாரோ 30 ஆம்பியர் கம்பியைக் கட்டியிருந்தார்கள். கேபிள் சூடேறி உருகினாலும் அந்த ஃபியூஸ் போகாது. சி2.

பிறகு மாடி அறையின் சீலிங் ரோஸ். ஆய்வாளர் மூடியைத் திருகிக் கழற்றியதும் கறுப்புத் தூள் உள்ளங்கையில் கொட்டியது. கம்பிகளின் மேல் இருந்த ரப்பர் உறை அது. 1960-கள் வரை இப்படி ரப்பர் கேபிள்கள்தான் பரவலாக இருந்தன. கீழே தொங்கும் பல்பின் சூடு ஆண்டுக்கணக்கில் மேலேறி ரப்பரை முனைகளில் காயவைத்துவிடுகிறது. சுவருக்குள் இருக்கும் நீளம் பெரும்பாலும் வளைந்துகொடுக்கும். விளக்கு இணைப்பில்தான் தொட்டால் உதிரும். அதனால் கேபிளை வெளியில் பார்த்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. மின்சாரத்தை நிறுத்தி, பல்புகளைக் கழற்றி, 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்து இன்சுலேஷன் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிறார்கள். குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். நல்ல பிளாஸ்டிக் கேபிள் நூற்றுக்கணக்கில் காட்டும். இந்தச் சுற்று காட்டியது 0.4. இதுவும் சி2.

எரிவாயுக் குழாயை எர்த்தோடு சேர்க்கும் தடித்த கம்பி இல்லாததும் சி2. சாக்கெட்டுகளுக்கு ஆர்.சி.டி. இல்லை, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் கருவி அது. வீட்டுக்குள் இருக்கும் சாக்கெட்டுகளுக்கு இது சி3. சமையலறைப் பின்கதவு அருகே உள்ள சாக்கெட்டுக்கு மட்டும் சி2. புல் வெட்டும் இயந்திரத்துக்கு ஒயர் அங்கிருந்துதான் போகும், ஈரத் தரையில் நிற்பவருக்கு அதிர்ச்சி கடுமையாக இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்விக்குறி. போர்டில் ஒரு ஃபியூஸை எடுத்தால் வீட்டில் எதுவும் அணையவில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு கேபிள் தரைக்கடியில் போகிறது, அதில் மின்சாரமும் இருக்கிறது. தோட்டத்தில் முன்பு ஒரு கொட்டகை இருந்ததாகக் குடியிருப்பவர் சொல்கிறார். கேபிளின் மறுமுனை மூடி வைக்கப்பட்டிருக்கிறதா, மண்ணுக்குள் திறந்து கிடக்கிறதா? எஃப்ஐ.

சோதனை நடந்த நாளிலிருந்தே நாட்கணக்கு தொடங்குகிறது. வாடகை வீட்டில் திருத்த வேலைகளையும் எஃப்ஐ தேடலையும் 28 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆய்வாளர் அதைவிடக் குறைந்த காலம் குறித்திருந்தால் அதற்குள். குடியிருப்பவருக்கும் 28 நாளுக்குள் அறிக்கையின் நகல் தர வேண்டும். சி3-க்கு இந்தக் கெடு கிடையாது.

சி2-க்களுக்குள் எது முதலில் என்று குறியீடு சொல்லாது. வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியன் எர்த்திலிருந்து தொடங்குவார். வீட்டுக்கு வரும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எரிவாயுக் குழாய்க் கம்பியைப் போட்டுவிட்டுத்தான் மற்றவை. மொத்த பிரச்சினையையும் புதிய போர்டு மாட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. உதிரும் ரப்பர் ஒயரிங் மீது ஆர்.சி.டி. உள்ள புதிய போர்டைப் பொருத்தினால், கசிவைக் கண்டு அது திரும்பத் திரும்ப விழும். குடியிருப்பவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார். இந்த வீட்டில் விளக்குச் சுற்றை முதலில் புதிய கேபிளில் போடுவதே சரி. அதோடு எர்த் கம்பியும் வந்துவிடும், தவறான ஃபியூஸ் கம்பியும் போய்விடும். பிறகு புதிய போர்டு வந்தால் சாக்கெட்டுகளின் ஆர்.சி.டி. குறைகள், சி2-வும் சி3-க்களும் சேர்ந்து தீரும்.

அறிக்கையின் தரத்தை வீட்டுக்காரரும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். பழைய வீட்டின் எல்லாச் சுற்றுக்கும் இன்சுலேஷன் அளவு ஒரே எண்ணாக எழுதியிருந்தால் உண்மையில் அளந்தார்களா என்று கேட்க வேண்டும். எந்த அறை, எந்தச் சாக்கெட் என்று இடம் சொல்லாத குறை, யாரோடு பேசி ஒத்துக்கொண்டது என்று எழுதாத வரம்பு, இரண்டும் சந்தேகத்துக்கு உரியவை. பிளாஸ்டிக் ஃபியூஸ் பெட்டி என்பதற்காக மட்டும் சி2 போட்டு, கூடவே புதிய பெட்டிக்கு விலையும் நீட்டினால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பது நியாயம். 2015-இன் விதி எரியாத பொருளில் பெட்டி கேட்டது புதிதாகப் பொருத்துவதற்கு. சேதமோ சூடேறிய தடமோ இல்லாத பழைய பெட்டி சி3-ஐத் தாண்டாது.

வேலை முடிந்ததும் அறிக்கையைத் திருத்தி எழுதுவதில்லை. புதிய சுற்றுக்கும் போர்டுக்கும் முழுச் சான்றிதழ், சிறிய வேலைக்குச் சிறு சான்றிதழ் என்று தனியாகத் தருகிறார்கள். பழைய அறிக்கையோடு அவற்றைச் சேர்த்து வைத்தால் எந்தக் குறை எந்தத் தேதியில் தீர்ந்தது என்று தெரியும். வாடகைதாரருக்கும் உள்ளாட்சிக்கும் வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவிப்பது அந்தக் கட்டைக் காட்டித்தான். அடுத்த சோதனை எப்போது என்பதையும் ஆய்வாளரே குறிக்கிறார். ஒயரிங்கில் பழைய பகுதி எஞ்சியிருக்கும் வீட்டுக்கு அது 5 ஆண்டுக்கு முன்பே வரலாம்.