நாக்கின் அடியில் ஒரு மாத்திரை, கையில் 5 நிமிடம்

நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லித் தரப்படும் கிளிசரில் ட்ரைநைட்ரேட் மாத்திரை பெரும்பாலும் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வருகிறது. மூடி இறுக்கமாகத் திருகும் வகை. பாட்டிலுக்குள் பஞ்சு இருக்காது. ஒன்றிரண்டு மாத்திரைகளைப் பிரித்து எடுத்துப் போவதற்குத் தோதாகவும் இருக்காது. வாங்கியவர்கள் பலர் வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்வது, அதை வசதியான வேறொன்றுக்கு மாற்றுவதுதான். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பா, பர்ஸில் மடித்த காகிதம், பழைய மாத்திரை டப்பி என்று எதிலாவது போய்ச் சேர்கிறது. இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் அந்த வசதி ஆகாது.

காரணம், இந்த மருந்து காற்றில் பறக்கக்கூடியது. மாத்திரைக்குள் இருப்பது எண்ணெய் போன்ற ஒரு திரவத்தின் மிக நுண்ணிய அளவு, வழக்கமாக அரை மில்லிகிராம். சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகிக்கொண்டிருக்கும். திறந்த டப்பியில் வைத்த கற்பூரம் மெல்லக் கரைந்து போவதை எல்லோரும் பார்த்திருப்போம். இங்கே நடப்பதும் அதுவே, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மருந்து போன பிறகும் மாத்திரை அதே வெள்ளையாக, அதே அளவில், உடையாமல் இருக்கும். பிளாஸ்டிக்கும் பஞ்சும் காகிதமும் அந்த ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பக்கத்தில் கிடக்கும் சர்க்கரை மாத்திரைகூட உறிஞ்சும். கண்ணாடி உறிஞ்சாது. அதனால்தான் கண்ணாடிப் பாட்டில், அதனால்தான் பஞ்சு இல்லை.

இதன் இன்னொரு பெயர் நைட்ரோகிளிசரின். ஆம், டைனமைட்டில் இருக்கும் அதே வேதிப்பொருள். 1847-இல் இத்தாலியின் அஸ்கானியோ சொப்ரேரோ இதைத் தயாரித்தபோது, நாக்கில் துளி பட்டாலே தலை தெறிக்க வலிப்பதைக் கவனித்தார். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் இதை நெஞ்சு வலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலனை எழுதினார். மாத்திரையில் உள்ள அளவு வெடிக்காது. அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம். சொப்ரேரோவுக்கு வந்த தலைவலி மட்டும் இன்றும் வரும். இரத்தக் குழாய்கள் விரிவதன் விளைவு அது.

அந்த விரிவுதான் நிவாரணமும். குழாய்கள், குறிப்பாகச் சிரைகள், தளர்ந்ததும் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. இதயத்தின் வேலைப் பளு இறங்குகிறது. அடைப்பினால் போதிய இரத்தம் கிடைக்காமல் வலித்த தசைக்குத் தேவையும் வரவும் சரியாகிறது. ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் வேலை தொடங்கும்; அரை மணி நேரம் போல நிற்கும். விழுங்கினால் இது நடக்காது. குடல் வழியாகப் போகும் மருந்தைக் கல்லீரல் பெருமளவு அழித்துவிடும். ஆகவே நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். வாய் வறண்டிருந்தால் ஒரு வாய்த் தண்ணீரால் நனைத்துக்கொண்டு வைக்கலாம். வைக்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். நின்றுகொண்டு போட்டால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழக்கூடும். வலி போய்விட்டால் மீதியைத் துப்பிவிடலாம், தலைவலி குறையும்.

வைக்கும் இடம் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை, ஆனால் கறாரானது. வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். 25 டிகிரிக்கு மேல் போகாத இடம் என்று லேபிளில் இருக்கும். நம் ஊர் வெயிலில் அது கடினம்தான், என்றாலும் வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரியைத் தேர்ந்தெடுக்கலாம். டிவிக்கு மேலே, அடுப்படி, ஜன்னல் விளிம்பு, வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு இவை வேண்டாம். உடம்போடு ஒட்டிய சட்டைப் பையும் வேண்டாம், உடல் சூடே போதும் அதைக் கெடுக்க. வெளியே போகும்போது பாட்டிலோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்தவுடன் மூடியை இறுக்கித் திருகுங்கள்.

திறந்த நாளைப் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பிரிட்டனில் திறந்த 8 வாரத்தில் பாட்டிலைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். ஆவியாவதைத் தடுக்கும் பொருள் சேர்த்துச் செய்யப்படும் சில தயாரிப்புகள் அதைவிட நீண்ட நாள் தாங்கும். உங்கள் பாட்டிலுக்கு எத்தனை நாள் என்று லேபிளையும் மருந்தாளரையும் கேளுங்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் 8 வாரத்தையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் மாத்திரை மிச்சமிருக்கும்போது எறிய மனம் வராது, அது எனக்கும் புரிகிறது. நாக்கில் சுருக்கென்று இருந்தால் மருந்து நல்லது என்று சொல்வதும் உண்டு. அதை நம்ப வேண்டாம். நல்ல மாத்திரையும் சிலருக்குச் சுருக்கென்று இருக்காது. தேதி ஒன்றுதான் நிச்சயம்.

தமிழ்நாட்டில் ஒரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. இங்கே பல வீடுகளில் நாக்கின் அடி மாத்திரை என்றால் சார்பிட்ரேட். அது ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்ற வேறு மருந்து. அதே குடும்பம், ஆனால் இவ்வளவு எளிதில் பறக்காது, அட்டையிலேயே வரும். அதன் காலாவதித் தேதியைப் பார்த்தால் போதும். கவலைக்குரியது வேறொன்று. நைட்ரோகிளிசரின் என்றே பெயர் அச்சிட்ட 2.6 மில்லிகிராம் மாத்திரை அட்டையில் கிடைக்கிறது. அது காலை மாலை விழுங்குவதற்கானது, மணிக்கணக்கில் மெதுவாக மருந்தை விடுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் வலி வந்தபோது அதை நாக்கின் அடியில் வைத்துக் காத்திருந்தால் நேரம்தான் போகும். எது எதற்கு என்று அட்டையின் மேல் தமிழில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

இனி ஒரு நிகழ்வைப் படிப்படியாகப் பார்ப்போம். தஞ்சாவூரில் 66 வயதுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும், உட்கார்ந்து ஒரு மாத்திரை வைத்தால் மூன்று நிமிடத்தில் சரியாகும். இதுவே இரண்டு வருடமாக அவர் கண்ட வழக்கம். ஒருநாள் இரவு 8.10-க்குச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகுகிறது. மருமகள் மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தருகிறாள். 8.15 ஆகியும் வலி குறையவில்லை. “மாத்திரை பழசாயிடுச்சோ மாமா? சாப்பாடு சேரலையோ?” என்கிறாள். சோடா வாங்க ஆள் அனுப்பலாமா என்ற பேச்சு தொடங்குகிறது.

மருந்து செத்துப் போனதா, அல்லது குழாய் முழுவதும் அடைபட்டு மாரடைப்பு தொடங்கிவிட்டதா? அந்த நேரத்தில் வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மாரடைப்பில் நல்ல மாத்திரையும் வலியைத் தீர்க்காமல் போகலாம். கெட்ட மாத்திரை எதையும் தீர்க்காது. இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். மாத்திரையைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்வதே இதற்காகத்தான்: நல்ல மாத்திரை இருந்தால்தான் அந்த 5 நிமிடத்துக்கு அர்த்தம் உண்டு. ஆனால் பழைய மாத்திரைதான் இருந்தது என்றாலும் முடிவு மாறாது. முதல் மாத்திரைக்கு 5 நிமிடம் கழித்தும் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108-ஐ அழைக்க வேண்டும். இலங்கையில் 1990. புது மாத்திரை வாங்கிவந்து பார்ப்போம் என்று நிற்கக் கூடாது. பிரிட்டனில் இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு அழைக்கச் சொல்கிறார்கள், அமெரிக்காவில் முதல் மாத்திரைக்கே. வாகனம் வந்து சேரும் நேரத்தையும் நினைத்தால் முதல் மாத்திரையிலேயே அழைப்பதுதான் சரி என்பது என் கருத்து. அழைத்துவிட்டு, தலைசுற்றல் இல்லாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒன்றாக மொத்தம் மூன்று வரை வைக்கலாம்.

அந்தப் பெரியவரின் விஷயத்தில் இன்னொன்று உண்டு. அவருக்கு எப்போதும் நடக்கும்போதுதான் வலிக்கும். அன்று உட்கார்ந்திருக்கும்போது வந்தது. வழக்கம் மாறுவது தனி எச்சரிக்கை. சும்மா இருக்கும்போது வருவது, முன்பைவிடக் குறைந்த நடையில் வருவது, வாரத்துக்கு ஒன்று நாளுக்கு ஒன்றாவது இவையெல்லாம் மாத்திரைக்கு அடங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்தால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். இதய நோய் என்று இதுவரை சொல்லப்படாத ஒருவருக்கு முதல்முறையாக நெஞ்சு வலி வந்தாலும் அப்படியே. பக்கத்து வீட்டு மாத்திரையைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

மாத்திரையில் வலி போனால் அது இதய வலி, போகாவிட்டால் வாயு என்று முடிவு கட்டும் பழக்கமும் தவறு. அமெரிக்காவில் நெஞ்சு வலியுடன் வந்த 459 பேரைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வில், இதய நோய் இருந்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு இந்த மருந்தில் வலி குறைந்தது. இல்லாதவர்களில் 41 சதவீதம் பேருக்குக் குறைந்தது. உணவுக்குழாயின் இறுக்கத்தையும் இதே மருந்து தளர்த்தும் என்பது ஒரு காரணம். எது என்று சொல்ல ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

வாகனம் வரும்வரை நோயாளி நடக்க வேண்டாம், பைக்கின் பின்னால் ஏற்ற வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கச் சொல்வது வழக்கம். 108-இல் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள கிராமங்களில், தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் அடங்கிய முதல் தவணை மருந்துகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

ஆண்கள் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாம்பத்தியத்துக்காக எடுக்கும் சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் இந்த மாத்திரையை வைத்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கலாம். அவற்றை எடுத்திருந்தால் மாத்திரை வைக்காமல் நேராக 108-ஐ அழைத்து, வருபவரிடம் மருந்தின் பெயரையும் எடுத்த நேரத்தையும் சொல்லிவிடுங்கள். நாக்கின் அடி மாத்திரை ஏற்கெனவே வைத்திருந்தால் எத்தனை, எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்; அடுத்து எந்த மருந்து கொடுக்கலாம் என்பதை அவர்கள் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.