வாக்கியம் முதலில், பத்தி பிறகு

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் அகாடமிக் பிரிவில் வாசிப்புக்கு 60 நிமிடம். 3 கட்டுரைகள், 40 கேள்விகள். அதாவது ஒரு கட்டுரைக்குச் சுமார் 20 நிமிடம். அதில் பெரும்பகுதியை விழுங்குவது விடை இருக்கும் இடத்தைத் தேடும் வேலைதான். கேள்விகளை அச்சிட்ட வரிசையிலேயே எழுதப் புகுந்தால் இந்தத் தேடல் இரட்டிப்பாகும். ‘இந்தத் தகவல் எந்தப் பத்தியில் உள்ளது’ என்று கேட்கும் பொருத்துதல் கேள்விகளின் விடைகள் கட்டுரையின் போக்கில் அமைவதில்லை. முதல் கேள்விக்கு விடை கடைசிப் பத்தியில் இருக்கலாம். சில பத்திகள் எதற்குமே விடையாகாமல் போகலாம். வாக்கியத்தை நிரப்பும் கேள்விகளின் விடைகளோ கட்டுரை ஓடும் திசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே பொருத்துதல் முதலில் அச்சாகியிருந்தாலும் வாக்கியங்களையே முதலில் நிரப்ப வேண்டும். அதற்குள் கட்டுரையின் பெரும்பகுதியைக் கண் ஒருமுறை கடந்துவிடும்.

கலங்கரை விளக்கம் பற்றிய ஒரு கட்டுரையைக் கற்பனை செய்துகொள்வோம். ‘1823-க்கு முன்பு வெளிச்சத்தின் ஒரு பகுதியை ______ உறிஞ்சிக்கொண்டன’ என்பது கேள்வி. ஆண்டும் பெயரும் வேற்றுச்சொல்லாக மாறுவது அரிது என்பதால் கண்ணுக்கு 1823 போதும். கார்டுவான் கலங்கரை விளக்கத்தில் ஃப்ரெனெல் வில்லை பொருத்தப்பட்ட ஆண்டு அது. அதையொட்டிய வரிகளில் ‘உறிஞ்சின’ என்ற சொல்லைத் தேடினால் ஏமாற்றம்தான். அங்கே ‘உலோகப் பிரதிபலிப்பான்களில் ஒளி வீணானது’ என்றிருக்கும். வினை பன்மையில் இருப்பதால் விடையும் பன்மையே. இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்றால் ‘உலோகப் பிரதிபலிப்பான்கள்’ சரி. ஒரு சொல்தான் என்றால் ‘உலோக’ என்பதை விட்டுவிட வேண்டும். சொல் எண்ணிக்கை மீறினாலும் எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் இல்லை. அதே கட்டுரையில் பொருத்துதல் கேள்வி, ‘புதிய முறை மெதுவாகப் பரவியதற்கான காரணம்’ என்று வரும். இதில் பிடித்துத் தேட ஆண்டோ பெயரோ இல்லை. ‘காரணம்’ என்ற சொல்லும் கட்டுரையில் இருக்காது. தரமான கண்ணாடி வார்ப்பது கடினம், விலை அதிகம் என்ற செய்திதான் இருக்கும். வாக்கியங்களை நிரப்பும்போதே அந்த வரியைக் கடந்திருந்தால், திரும்பிப் போக வேண்டிய இடம் நினைவில் இருக்கும்.

முழுக் கட்டுரையையும் படித்துவிட்டே கேள்விக்கு வர வேண்டும் என்பாரும் உண்டு. வேகமாகப் படிப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு கட்டுரை 900 சொற்களை ஒட்டி நீளலாம். நிமிடத்துக்கு 150 சொல் படிப்பவருக்கு அதற்கே ஆறு நிமிடம் போய்விடும், எதைத் தேடுகிறோம் என்பதும் தெரியாமலே. இன்னொரு மறுப்பு வலுவானது: கேள்வியில் உள்ள சொல் கட்டுரையில் தென்பட்ட இடத்திலேயே விடை எழுதுவோர் தவறுகிறார்கள். உண்மைதான். அதே சொல் வேறொரு பத்தியில் வேறு பொருளில் வந்திருக்கலாம். அதனால், கண்டடைந்த சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியமாவது படித்த பிறகே விடை எழுத வேண்டும். பொருத்துதலில், கேள்வி கேட்பது காரணமா, எடுத்துக்காட்டா, ஒப்பீடா என்பதை அந்தப் பத்தியில் சரிபார்க்காமல் அதன் எழுத்தைக் குறிக்கக் கூடாது.