சனி 9–4 தண்ணீர் வராது

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. பொருள் வரியில் ‘முக்கிய அறிவிப்பு!!!’ என்றிருக்கிறது. உள்ளே நான்கு பத்திகள். சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 4 வரை சம்ப் கழுவுகிறார்கள், பி பிளாக்கில் தண்ணீர் வராது என்ற செய்தி கடைசிப் பத்தியில்தான் இருக்கிறது. தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு நிற்கையில் குழாய் நின்ற பிறகுதான் பலர் அந்த மின்னஞ்சலைத் தேடித் திறப்பார்கள்.

செயலாளர் இதைத் திருத்தினால், பெரும்பாலும் ‘நிலத்தடி நீர்த்தொட்டி பராமரிப்புப் பணி தொடர்பாக’ என்றுதான் எழுதுவார். விண்ணப்பங்களில் ‘பொருள்:’ என்று போட்டு எழுதிப் பழகிய கை அது. எதைப் பற்றிய மின்னஞ்சல் என்று இப்போது தெரிகிறது; என்ன நடக்கப்போகிறது என்று தெரியவில்லை. மின்னஞ்சலை எழுதி முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் “என்ன சார் விஷயம்?” என்று கேட்டால் என்ன சொல்வோமோ, அதையே பொருள் வரியாக வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. “சனிக்கிழமை ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும் பி பிளாக்குக்குத் தண்ணி வராது” என்போம். அதைச் சுருக்கினால் ‘சனி (14 ஜூன்) 9–4 தண்ணீர் வராது: பி பிளாக்’.

இதில் நாளும் நேரமும் முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு. கைபேசித் திரையில் பொருள் வரியின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மிச்சம் புள்ளிகளாகிவிடும். ‘அன்பான குடியிருப்பாளர்களின் கவனத்திற்கு’ என்று தொடங்கினால், தெரிகிற இடமெல்லாம் அதிலேயே போய்விடும். ‘நாளை’ என்றும் எழுத வேண்டாம். மின்னஞ்சலை மறுநாள் பார்ப்பவருக்கு அது தவறான தேதி. பணி ஞாயிறுக்குத் தள்ளிப்போனால், பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்பும்போது மேலே ‘சனி’ என்றே நிற்கும். ‘மாற்றம்: ஞாயிறு (15 ஜூன்) 9–4 தண்ணீர் வராது’ என்று புதிதாகவே அனுப்ப வேண்டும்.

யாரும் படிப்பதில்லையே என்ற ஆற்றாமையில் சிலர் ‘கடைசி எச்சரிக்கை!’ என்று போடுகிறார்கள். சிலர் யாருக்கும் பதில் எழுதாமலே முன்னால் `Re:` சேர்க்கிறார்கள். முதல் தடவை திறப்பார்கள். உள்ளே எச்சரிக்கை ஏதும் இல்லை என்று கண்டபின், அந்த முகவரியிலிருந்து வரும் உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவார்கள். அமெரிக்காவில் 2003இல் வந்த ‘கேன்-ஸ்பாம்’ சட்டம், வணிக மின்னஞ்சல்களில் ஏமாற்றும் பொருள் வரியைத் தடை செய்தே இருக்கிறது.

தெளிவுக்கும் ஓர் எல்லை உண்டு. பொருள் வரி, பூட்டிய கைபேசித் திரையிலும் தோன்றக்கூடும். பக்கத்தில் இருப்பவர் கண்ணிலும் படும். ஒரு வீட்டாருக்கு ‘மூன்று மாதப் பராமரிப்புப் பாக்கி’ என்று அனுப்புவது அவர்களைக் கூனிக்குறுக வைக்கும். ‘ஏப்ரல்–ஜூன் பராமரிப்புக் கணக்கு: ஜூலை 15க்குள் பதில் தேவை’ என்றால் போதும், தொகை உள்ளே இருக்கட்டும்.