அறுபது பேரிடம் எத்தனை காரணிகளைக் கேட்கலாம்?

நம் கல்லூரிகளில் வணிகவியல், மேலாண்மை, கல்வியியல் ஆய்வேடுகளைப் புரட்டினால் 384 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். 'மாதிரி அளவு' என்ற தலைப்பின் கீழ் 384 பேர் என்று இருக்கும். பக்கத்தில் கிரெஜ்சி, மார்கன் என்ற இரு பெயர்கள் இருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த இந்த இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணை அது. மக்கள்தொகை இவ்வளவு என்றால் மாதிரி இவ்வளவு என்று நேராகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் அதற்கு இத்தனை செல்வாக்கு.

அந்த அட்டவணை பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஓர் ஊரில் நூற்றுக்கு எத்தனை பேர் 'ஆம்' என்பார்கள்? அதை ஐந்து சதவீதப் புள்ளி முன்பின்னாக, 95 சதவீத உறுதியுடன் சொல்ல எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? இதற்குத்தான் 384. ஆனால் அதே ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் மாணவர் செய்வது வேறு. வருமானத்தையோ திருப்தியையோ பல காரணிகள் சேர்ந்து எப்படித் தீர்மானிக்கின்றன என்று மல்டிபிள் ரெக்ரஷன் போடுகிறார். அந்தக் கணக்குக்கு வேண்டிய ஆட்களின் எண்ணிக்கைக்கும் ஊரின் மக்கள்தொகைக்கும் அநேகமாகத் தொடர்பே இல்லை. அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: காரணிகள் எத்தனை, அவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு விளக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

நாகர்கோவில் வடசேரியை எடுத்துக்கொள்வோம். பரதநாட்டிய மேடைகளில் மின்னும் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் போன்ற கோயில் நகைகளுக்குப் பேர் போன இடம். புவிசார் குறியீடு பெற்ற தொழில். இந்த நகைத் தொழிலாளர்களின் மாத வருமானம் ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று ஒரு மாணவி ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். அவர் எடுக்கும் காரணிகள் ஐந்து: அனுபவ ஆண்டுகள், கூட வேலை செய்யும் குடும்பத்தார் எண்ணிக்கை, கையில் உள்ள முதல், கடன், ஆர்டர் நேரடியாக வருகிறதா வியாபாரி மூலமாகவா என்பது. பேட்டி கொடுக்க முன்வருபவர்கள் அறுபது பேர்தான் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்த எண் இது. இப்படிச் சின்ன தொழில்களை ஆராய்கிறவர்களுக்கு அமைவது பெரும்பாலும் இந்த மாதிரி எண்ணிக்கைதான்.

கிரெஜ்சி–மார்கன் அட்டவணையைப் பார்த்தால் அறுபது பேர் உள்ள இடத்தில் 52 பேர் போதும். மாணவி நிம்மதியாகப் பேட்டியைத் தொடங்கிவிடலாம். சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

ரெக்ரஷன் முடிவில் முதலில் எல்லோரும் பார்ப்பது R² என்ற எண். வருமான வேறுபாட்டில் எத்தனை சதவீதத்தை இந்தக் காரணிகள் விளக்குகின்றன என்று அது சொல்லும். 0.30 என்றால் முப்பது சதவீதம். ஆனால் அர்த்தமே இல்லாத காரணிகளைப் போட்டாலும் இந்த எண் பூஜ்யத்தில் நிற்காது. முப்பது தொழிலாளர்களிடம் வருமானத்தைக் கேட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, வடசேரி பஸ் ஸ்டாண்டில் பொறுக்கிய பத்து டிக்கெட்டுகளின் கடைசி இலக்கங்களைப் பத்துக் காரணிகளாக எழுதிவிடுங்கள். கணக்குப்படி சராசரியாக R² எவ்வளவு வரும் தெரியுமா? காரணிகளின் எண்ணிக்கையை, ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் கிடைப்பது: 10/29, அதாவது சுமார் 34 சதவீதம். டிக்கெட் எண்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை 'விளக்கிவிட்டன'! பதினொரு ஆளுக்குப் பத்துக் காரணி என்றால் நூறு சதவீதமே விளக்கிவிடும். இந்தப் போலி விளக்கத்திலிருந்து உண்மையான விளக்கத்தைப் பிரித்துக் காட்டத் தேவையான ஆட்கள்தான் நாம் தேடும் மாதிரி அளவு.

இந்தக் கேள்வியைச் சமூக அறிவியலாளர்கள் முகத்துக்கு நேரே வைத்தவர் நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேகப் கோஹன். 1962இல், ஓர் உளவியல் இதழின் ஓராண்டுக் கட்டுரைகளை அவர் எடுத்துப் பார்த்தார். நடுத்தரமான விளைவு உண்மையிலேயே இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அந்த ஆய்வுகளுக்குச் சராசரியாகப் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. இந்த வாய்ப்புக்குத் 'திறன்' என்று பெயர். குறைந்தது 80 சதவீதத் திறன் வேண்டும் என்று இன்று பொதுவாகக் கேட்பது அவர் வைத்த அளவுகோல். விளைவின் அளவுக்கும் அவர் ஒரு சூத்திரம் பயன்படுத்தினார்:

f² = R² / (1 − R²)

விளக்கப்பட்டதை விளக்கப்படாததால் வகுக்கிறோம், அவ்வளவுதான். f² 0.02 என்றால் சிறிய விளைவு, 0.15 நடுத்தரம், 0.35 பெரியது. R² ஆகச் சொன்னால் முறையே சுமார் 2, 13, 26 சதவீதம். இதிலிருந்து ஆட்களின் எண்ணிக்கையைக் கிட்டத்தட்டக் கணக்கிட எளிய வழி உண்டு:

N = L / f² + k + 1

k என்பது காரணிகளின் எண்ணிக்கை. L என்பது 80 சதவீதத் திறனுக்கும் வழக்கமான 5 சதவீத முக்கியத்துவ மட்டத்துக்கும் உரிய எண். காரணிகள் கூடக் கூட அதுவும் மெல்லக் கூடும். இரண்டு காரணிக்கு 9.64, ஐந்துக்கு 12.83, பத்துக்கு 16.24.

நம் மாணவியின் ஐந்து காரணிகளுக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர விளைவு என்றால் 12.83-ஐ 0.15-ஆல் வகுத்து ஆறைக் கூட்ட வேண்டும்: 92 பேர். பெரிய விளைவு என்றால் 43 பேர் போதும். சிறிய விளைவு என்றால் சுமார் 647 பேர் வேண்டும். 384 என்ற எண் இங்கே எதற்குமே பொருந்தவில்லை: ஒன்றுக்கு நான்கு மடங்கு மிச்சம், மற்றொன்றுக்குப் பாதிக்குச் சற்று மேல். அறுபது பேரை வைத்து நடுத்தர விளைவைத் தேடினால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேலான ஆய்வு.

இதுவரை பார்த்தது 'ஐந்தும் சேர்ந்து ஏதாவது விளக்குகின்றனவா' என்ற கேள்வி. வழிகாட்டிப் பேராசிரியரும் வைவா தேர்வாளரும் கேட்பது பெரும்பாலும் இதையல்ல. 'நேரடி ஆர்டர் எடுப்பவருக்கு, மற்றதெல்லாம் சமமாக இருந்தால், வருமானம் கூடுதலா' என்பதைத்தான். இது தனிக் காரணியைப் பற்றிய கேள்வி. இதற்கான கணக்கு வேறு. ஐந்து காரணிகளும் சேர்ந்து 30 சதவீதம் விளக்குகின்றன. அதில் நேரடி ஆர்டருக்கு மட்டுமே உரிய தனிப்பங்கு 3 சதவீதம் என்று கொள்வோம். ஐந்தும் சேர்ந்து ஏதாவது விளக்குகின்றனவா என்று சொல்ல 36 பேர் போதும். ஆனால் தனிக் காரணியின் f² 0.03-ஐ 0.70-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 0.043. ஒரே காரணிக்கான L 7.85, k அதே ஐந்துதான். அப்போது வேண்டியவர்கள் சுமார் 189 பேர். ஒரே ஆய்வு, ஒரே தரவு. கேள்வி மாறியதும் தேவை ஐந்து மடங்கு.

இதை இன்னும் மோசமாக்குவது, ஒன்றையொன்று ஒட்டிய காரணிகள். அனுபவ ஆண்டுகளோடு வயதையும் சேர்த்தால் என்ன ஆகும்? சிறு வயதிலேயே பட்டறையில் உட்கார்ந்தவர்களிடம் இரண்டும் ஏறக்குறைய ஒரே தகவல்தான். அனுபவத்தின் தனிப்பங்கை வயது பங்குபோட்டுக்கொள்ளும். அதுவும் 3 சதவீதமாக இருந்து 1 சதவீதமாகச் சுருங்கினால் தேவை சுமார் 557 பேர். 'அனுபவத்துக்கு வருமானத்தோடு தொடர்பில்லை' என்ற விநோத முடிவுகள் ஆய்வேடுகளில் இடம்பிடிப்பது இப்படியும்தான். அனுபவம் பலனற்றதாகிவிடவில்லை, அதைப் பிரித்துப் பார்க்க ஆள் போதவில்லை.

காரணிகளை எண்ணுவதிலும் வழுக்கும் இடம் உண்டு. 'எந்த வகை வேலை' என்ற கேள்விக்கு வெள்ளித் தகடு, கல் பதிப்பு, முலாம், எல்லாமும் என்று நான்கு விடைகள் இருந்தால், ரெக்ரஷன் கணக்கில் அது ஒரு காரணி அல்ல, மூன்று. கேள்வித்தாளில் ஐந்து கேள்வி, கணிப்பொறியில் ஏழு காரணி என்பது சாதாரணமாக நடக்கும்.

சரி, ஊரில் கிடைப்பது அறுபது பேர்தான். என்ன செய்வது? ஒவ்வொருவரையும் பன்னிரண்டு மாதம் கேட்டு 720 வரிகள் சேர்த்துவிட்டால் 720 பேர் ஆகிவிடாது. ஒரே ஆளின் பன்னிரண்டு மாதங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்; அதற்கென்று வேறு முறைகள் உண்டு. நேர்வழி, கணக்கைத் திருப்பிப் போடுவது. ஆட்கள் அறுபது என்று வைத்து, எவ்வளவு பெரிய விளைவைக் காண முடியும் என்று பார்க்க வேண்டும். பத்துக் காரணி என்றால் R² 25 சதவீதமாவது இருந்தால்தான் 80 சதவீத வாய்ப்பு. ஐந்து என்றால் 19 சதவீதம். இரண்டே காரணி என்றால் 14 அல்லது 15 சதவீதம் போதும். ஆகவே வடசேரி மாதிரியான களத்துக்குப் போகிறவர் செய்ய வேண்டியது, ஆளைத் தேடி அலைவதற்கு முன் காரணிகளைக் குறைப்பது. வயதை விடலாம்; முதலையும் கடனையும் சேர்த்து ஒரே எண்ணாக்கலாம்; முந்தைய ஆய்வும் தொழில் தெரிந்தவர்களும் அழுத்திச் சொல்லும் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எதை விடுவது என்பதைத் தரவு வருமுன் முடிவு செய்ய வேண்டும். வந்தபின், நன்றாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டால், டிக்கெட் எண்களின் விளையாட்டுக்கே திரும்பிவிடுவோம்.

எதிர்பார்க்கும் R² எங்கிருந்து வரும்? முந்தைய ஆய்வுகளிலிருந்து. ஆனால் அதை அப்படியே எடுக்கக் கூடாது. நாற்பது பேர், ஆறு காரணி, R² 0.35 என்று ஓர் ஆய்வேடு சொன்னால், காரணிகளின் போலிப் பங்கைக் கழித்த 'அட்ஜஸ்டட்' மதிப்பு சுமார் 0.23தான். முதல் எண்ணை நம்பினால் 33 பேர் போதும் என்று தோன்றும். இரண்டாவதை எடுத்தால் 50-க்கு மேல் வேண்டும். ஆய்வேடுகளின் அட்டவணைகளில் இந்த இரண்டு எண்களும் பொதுவாக அருகருகே அச்சாகியிருக்கும். வலப்பக்கத்து எண்ணைப் பார்ப்பவர்தான் குறைவு.

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் G*Power என்ற மென்பொருளில் இதே கணக்கு சில நொடிகளில் முடியும். ஆய்வு மாணவர்களும் வழிகாட்டிகளும் ஒன்றை வழக்கமாக்கிக்கொள்ளலாம். கேள்வித்தாள் அச்சுக்குப் போகுமுன், ஆய்வுத் திட்டத்தில் நான்கு எண்களை எழுதிவிடுங்கள்: காரணிகள் எத்தனை, எதிர்பார்க்கும் R² எவ்வளவு, திறன் எவ்வளவு, அதற்கு வேண்டிய ஆட்கள் எத்தனை. நான்காவது எண் கைக்கு எட்டவில்லை என்றால் முதல் எண்ணைக் குறையுங்கள்.